பணியாளர் யார்? பக்கத்துக்குப் பக்கம் மாறும் விடை

கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். ஆலை கற்பனைதான். ஆனால் அதன் கேட்டைத் தாண்டி உள்ளே போனால் கண்ணில் படுகிறவை எல்லாம் அந்த வட்டாரத்தில் நிஜமாகவே இருப்பவை: மூன்று ஷிப்டு, வளாகத்துக்குள் பெண்கள் விடுதி, சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேன்கள், காண்ட்ராக்டர் நடத்தும் கேண்டீன், வாசலில் ஏஜென்சி அனுப்பிய செக்யூரிட்டி. அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை; பதினான்கு பக்கம்; தமிழில், ஓரளவு நல்ல தமிழில், எழுதப்பட்டது.

இரண்டாம் பக்கத்தில் வரையறைகள். ‘பணியாளர் என்பவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தினக்கூலிக்கோ, நேரடியாகவோ ஒப்பந்ததாரர் வழியாகவோ இந்த ஆலையில் வேலை செய்பவர், பயிற்சியாளரும் அப்ரண்டீசும் இதில் அடங்குவர்’ என்கிறது பிரிவு 2.3. தாராளமான வரையறை. கேண்டீனில் பாத்திரம் கழுவும் பெண்ணும் இதற்குள் வந்துவிடுகிறார்.

ஆறாம் பக்கத்துக்குப் போனால் பிரிவு 5.1 இப்படிச் சொல்கிறது: ‘நிறுவன ஊழியர் எவரும் குழுவிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம்.’ பணியாளர் போய் ஊழியர் வந்துவிட்டார். எழுதியவர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருப்பார். ஆனால் கேண்டீன் பெண்ணின் கையில் இந்தக் காகிதம் கிடைத்தால் அவர் என்ன நினைப்பார்? அவருக்குச் சம்பளம் தருவது காண்ட்ராக்டர். ஆலையின் ஊழியர் என்று அவரை இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. பதினான்காம் பக்கத்தில் உள்ள புகார்ப் படிவமோ முதல் வரியிலேயே ‘டோக்கன் எண் (கட்டாயம்)’ என்று கேட்கிறது. அவருக்கு டோக்கனும் கிடையாது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆலையின் கொள்கை எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அந்தப் பெண்ணின் சட்ட உரிமை போய்விடாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் வழியாக வருபவர், தினக்கூலி, பயிற்சியாளர், ஏன், ஊதியமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரைக்கூடப் பணியாளர் என்றே கொள்கிறது. கம்பெனியின் காகிதம் அதைக் குறுக்க முடியாது. ஆனால் வேலையிடத்தில் இருப்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் படிப்பதில்லை. கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் ஹெச்.ஆர். மேஜையில் இருக்கும் படிவத்தையும்தான் படிக்கிறார்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம். தொடர் சம்பவமென்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். ‘இது நமக்கில்லை போலிருக்கிறது’ என்று ஒரு பெண் நினைத்துப் பேசாமல் இருந்துவிட இந்த மூன்று மாதம் தாராளமாகப் போதும்.

சட்டத்தோடு வந்த விதிகள், இப்படி ஒரு கொள்கையை வகுத்து எல்லோருக்கும் தெரியப்படுத்துவதை வேலையளிப்பவரின் கடமையாக்கியிருக்கின்றன. அதனால் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பல இடங்களில் இப்போது இந்தக் காகிதம் இருக்கிறது. அது எழுதப்படும் விதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. வரையறைகள் சட்டத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. புகார் நடைமுறை தலைமை அலுவலகம் அனுப்பிய மாதிரியிலிருந்து. தண்டனைப் பகுதி ஆலையின் பழைய நிலையாணைகளிலிருந்து. நிலையாணைகளுக்கு அடிப்படையாக இருந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியில் இருப்பவர் தொழிலாளி. நிரந்தரம், பதிலி, தற்காலிகம், அப்ரண்டீஸ் என்று அவருக்கு வகைகள் உண்டு. மூன்று வாய்க்கால் தண்ணீரும் ஒரே குளத்தில் கலந்துவிடுகிறது. பணியாளர், ஊழியர், தொழிலாளி மூவரும் ஒரே கோப்புக்குள் நடமாடுகிறார்கள்.

இன்னொரு காரணம் நம் பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பயிற்சி. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் நடை தட்டையாகிவிடும் என்று கற்றுக்கொண்டவர்கள் நாம். ஒரு வாக்கியத்தில் பணியாளர் என்றால் அடுத்த வாக்கியத்தில் ஊழியர் என்று மாற்றுவது கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர் எழுதிய கொள்கையில்தான் இந்தக் கோளாறு அதிகம் இருக்கும் என்பது விநோதம்.

ஒரு சட்ட ஆவணத்தைப் படிக்கும் நீதிமன்றம் நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒரே சொல் வந்தால் ஒரே பொருள். வேறு சொல் வந்தால் எழுதியவர் வேறு பொருளை நினைத்திருக்க வேண்டும். இது மாற்ற முடியாத விதி அல்ல, ஓர் ஊகம்தான். சூழலைக் காட்டி அதைத் தகர்க்கலாம். ஆனால் தகர்க்க வேண்டிய சுமை, வேறு பொருள் இல்லை என்று வாதிடுபவரின் தலையில் ஏறிவிடுகிறது.

ஒரு வரையறையையும் அது பயன்படும் இடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பணிக்கொடைச் சட்டத்தின் கதை ஒன்று போதும். 1972-இல் வந்த அந்தச் சட்டம், பணியாளர் என்றால் யார் என்று சொல்லும்போது வேலையின் வகைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டது: திறன்சார்ந்த வேலை, ஓரளவு திறன் வேண்டும் வேலை, திறன் தேவைப்படாத வேலை, உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கடை என்று அது முதலில் நினைத்த இடங்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தியது. 1997 ஏப்ரல் 3 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களுக்கும் சட்டத்தை விரிவாக்கியது. ஆசிரியர்கள் தங்களுக்கும் பணிக்கொடை வந்துவிட்டதாக நினைத்தார்கள்.

அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 ஜனவரியில் தீர்ப்பு. கல்வி நிறுவனம் சட்டத்துக்குள் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பணிக்கொடை பெற வேண்டியவர் ‘பணியாளர்’. பாடம் நடத்துவது அந்தப் பட்டியலில் உள்ள எந்த வேலைக்குள்ளும் வராது. எனவே ஆசிரியர் அந்தச் சட்டப்படி பணியாளர் அல்லர் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டியது. அங்கே பணியாளர் என்பதற்கு ‘உடலுழைப்போ வேறு வகையோ, எந்த வேலையானாலும்’ என்று அகலமான சொற்கள் இருக்கின்றன. அப்படி எழுதத் தெரிந்த நாடாளுமன்றம் இங்கே எழுதவில்லை என்றால் வேண்டுமென்றே எழுதவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றம் 2009-இல் வரையறையைத் திருத்தி, ஏறக்குறைய அந்த வைப்பு நிதிச் சட்டத்தின் சொற்களையே கொண்டுவந்தது. திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று முன்தேதியும் இட்டது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. 1997-இல் தொடங்கிய கேள்வி முழுதாக அடங்க இருபத்தைந்து ஆண்டுகள். அறிவிக்கையை எழுதியவர்கள் வீணான காரியம் செய்யவில்லை. பள்ளி எழுத்தர்களும் உதவியாளர்களும் அதனால் பயன்பெற முடிந்தது. ஆனால் ‘கல்வி நிறுவனத்தின் பணியாளர்’ என்ற சொற்களில் பணியாளரை எடுத்துவிட்டு அங்கே வரையறையை அப்படியே எழுதிப் படித்திருந்தால், கல்வி நிறுவனத்தில் பெரும்பான்மையாக இருப்பவரே விடுபட்டிருப்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தச் சின்ன வேலைதான், சொல்லை எடுத்துவிட்டு வரையறையைப் போட்டுப் படிப்பதுதான், இந்தச் சரிபார்ப்பின் முதுகெலும்பு. நூற்பாலையின் கோப்பில் அதை நடத்திப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தாளில் வரையறைகளை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். ஆலையின் கொள்கையில் பணியாளர், பணியிடம், பாதிக்கப்பட்ட பெண், வேலையளிப்பவர், உள்ளகக் குழு என்று ஐந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்தெந்தப் பிரிவில் வருகிறது என்று குறிக்க வேண்டும். இதற்குக் கணினியில் தேடுவதே வழி, கண் ஏமாற்றிவிடும். ஆங்கிலக் கொள்கைகளில் வரையறுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் இருப்பதால் அது வரியில் தனித்துத் தெரியும். தமிழில் அந்த வசதி இல்லை என்பதால், வரையறுத்த சொல் வரும் இடமெல்லாம் தடித்த எழுத்தில் போட்டுவிடுவது நல்லது.

தமிழில் தேடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தேடல் கட்டத்தில் பணியாளர் என்று முழுச்சொல்லை அடித்தால் ‘பணியாளர்கள்’ கிடைக்கும். ‘பணியாளருக்கு’, ‘பணியாளரின்’, ‘பணியாளரை’ கிடைக்காது. கடைசி எழுத்தின் புள்ளி, வேற்றுமை உருபு சேர்ந்ததும் மறைந்துவிடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. பணியிடம் இன்னும் மோசம். உருபு ஏறியதும் ‘பணியிடத்தில்’, ‘பணியிடத்துக்கு’ என்று உருமாறுகிறது. ஆகவே சொல்லின் மாறாத பகுதியை மட்டும், ‘பணியாள’, ‘பணியிட’ என்று, தேட வேண்டும். அப்போது வேண்டாத சிலதும் வலையில் விழும். ‘பணியிட’ என்று தேடினால் பணியிட மாற்றமும் வரும். பல மென்பொருள்களில் பணியிடை நீக்கமும் கூடவே வந்து நிற்கும். அவற்றைக் கையால் கழித்துவிடலாம். பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட கோப்பென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால், ‘ஒரு இடத்திலும் இல்லை’ என்று கணினி சாதிக்கும்.

இது பாதி வேலை. வரையறுத்த சொல் இருக்கும் இடங்களை இது காட்டும். அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் வேறு சொல் உட்கார்ந்திருப்பதைக் காட்டாது. அதற்கு எதிர்த்திசையில் தேட வேண்டும்: ஆட்களைக் குறிக்க இந்தக் கோப்பில் வேறு என்னென்ன சொற்கள் இருக்கக்கூடும்? ‘ஊழிய’, ‘தொழிலாள’, ‘அலுவல’, ‘ஸ்டாஃப்’, ‘பணிபுரி’, ‘வேலை செய்’, ‘நபர்’. இடத்தைக் குறிக்க: ‘வளாக’, ‘ஆலை’, ‘மில்’, ‘அலுவலக’, ‘கம்பெனி’. இந்தப் பட்டியலை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைவிட ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக இருந்தவர் நன்றாகத் தருவார். ஆட்களைக் குறிக்க அங்கே எத்தனை சொல் புழங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கிடைத்த ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கே வரையறுத்த சொல்லையே சொல்ல வந்தாரா, வேறு எதையாவது குறிப்பாகச் சொல்ல வந்தாரா? முதலாவது என்றால் சொல்லை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் அந்த வேறு பொருளுக்கு ஒரு பெயரும் வரையறையும் தர வேண்டும். இதை ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். ‘ஊழியர்’ எல்லாவற்றையும் ஒரே தட்டில் ‘பணியாளர்’ ஆக்கிவிடுவது இந்த வேலையிலேயே ஆபத்தான குறுக்குவழி. சட்டத்திலிருந்து மேற்கோளாக எடுத்த வரியும், அரசு ஊழியர் என்று வரும் இடமும் சேர்ந்து மாறிப்போகும்.

இப்போது பிரிவு 5.1-க்குத் திரும்பலாம். ஊழியரைப் பணியாளராக மாற்றிவிட்டால் வாக்கியம் சரியாகிவிடுமா? ‘பணியாளர் எவரும் புகார் அளிக்கலாம்.’ கேண்டீன் பெண் உள்ளே வந்துவிட்டார். ஆனால் நூல் வாங்க வந்த வியாபாரி ஒருவர், அவர் பெண், அலுவலக அறையில் துன்புறுத்தலுக்கு ஆளானால்? சட்டம் ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்று சொல்லும்போது, அந்த இடத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், எந்த வயதினராயினும் என்கிறது. ஆலையின் பிரிவு 2.1-உம் அதைச் சரியாகவே நகல் எடுத்திருக்கிறது. அப்படியானால் 5.1-இல் வர வேண்டிய சொல் பணியாளரே அல்ல. ‘பாதிக்கப்பட்ட பெண் எவரும்’ என்பதுதான். பாதிக்கப்பட்ட பெண் என்ற சொல்லுக்கு வரையறை எழுதிய கை, அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டிய ஒரே இடத்தில் மறந்துவிட்டிருக்கிறது. சொற்களை எண்ணுவதோடு நின்றிருந்தால் இது பிடிபட்டிருக்காது. வரையறையை வாக்கியத்துக்குள் போட்டுப் படித்ததால் பிடிபட்டது.

பிரிவு 6.2 பார்ப்பதற்குச் சாது. ‘பணியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் ஆண்டுதோறும் பயிற்சி பெற வேண்டும்.’ யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சேர்த்த சொற்கள். ஆனால் பணியாளர் என்பதில் ஒப்பந்தத் தொழிலாளர் ஏற்கெனவே அடக்கம். இங்கே மட்டும் அவரைத் தனியாகச் சொன்னால், மற்ற இடங்களில் பணியாளர் என்று மட்டும் வரும்போது அவர் சேரவில்லையோ என்ற கேள்வி பிறக்கிறது. வெளிப்படையான பிழையைவிட இது பொல்லாதது. ஏனென்றால் ஒரு பிரிவில் சேர்த்த இரண்டு சொல், பணியாளர் என்ற சொல் வரும் மற்ற எல்லாப் பிரிவுகளின் பொருளையும் குறுக்கிவிடுகிறது. ‘உள்ளிட்ட’, ‘மற்றும்’, ‘ஆகியோரும்’ என்ற ஒட்டுச்சொற்கள் வரையறுத்த சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் அங்கே ஒரு நிமிடம் நின்றே ஆக வேண்டும்.

தண்டனைப் பகுதியில் சிக்கல் தலைகீழாக இருக்கிறது. ‘குற்றம் நிரூபணமானால் அந்தப் பணியாளரின் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்திவைக்கப்படும்’ என்கிறது 9.3. வரையறையைப் போட்டுப் படித்தால், காண்ட்ராக்டர் அனுப்பிய செக்யூரிட்டியின் ஊதிய உயர்வையும் ஆலை நிறுத்திவைக்கப் போகிறது. அவருக்கு ஆலை ஊதியமே தருவதில்லை. இங்கே சொல் மாறாமல் சரியாகத்தான் வந்திருக்கிறது; ஆனால் வாக்கியத்துக்கு வேண்டிய ஆள் அந்தச் சொல் குறிக்கும் ஆளைவிடக் குறுகியவர். ‘நேரடிப் பணியாளர்: ஆலையின் சம்பளப் பட்டியலில் உள்ள பணியாளர்’ என்று ஒரு புதிய வரையறை எழுதி, 9.3-இல் அதைப் போடுவது ஒரு வழி. அதோடு காண்ட்ராக்டர் அனுப்பியவர் மீது நடவடிக்கை எப்படி என்று 9.4 ஒன்றும் எழுத வேண்டியிருக்கும். சொல்லைச் சரிபார்க்கப் போய்க் கொள்கையிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான் நிகழ்கிறது. அந்த ஓட்டையை மொழி திருத்துபவர் தானாக அடைத்துவிடக் கூடாது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேள்வியாக எடுத்துப் போக வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு புதிய கவலையும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் பணியாளரையும் தொழிலாளரையும் தனித்தனியே வரையறுக்கின்றன. மேலாளர் ஒருவர் அங்கே பணியாளர் ஆவார், தொழிலாளர் ஆகமாட்டார். ஆக இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடும் பழக்கம், ஒரே ஆலையின் வேறு வேறு கோப்புகளுக்கு இடையிலும் இப்போது பொருளை மாற்றும்.

குழுவின் பெயர் விரைவில் முடிகிற விஷயம். 2013-இல் சட்டம் வந்தபோது அதற்கு உள்ளகப் புகார்க் குழு என்று பெயர். 2016-இல் ஒரு திருத்தச் சட்டம் நடுவிலிருந்த ‘புகார்’ என்பதை நீக்கி உள்ளகக் குழு ஆக்கியது. வெவ்வேறு ஆண்டுகளின் மாதிரிகளிலிருந்து ஒட்டிய கொள்கைகளில் இரண்டு பெயரும் இருக்கும். படிப்பவர் இரண்டு குழு இருப்பதாக நினைக்க வாய்ப்புண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டால் போதும்.

இடத்துக்கான சொல் ஆளுக்கான சொல்லைவிட அதிகத் தொல்லை தரும். ஆலையின் 2.5, ‘பணியிடம்’ என்பதில் உற்பத்திக் கூடம், அலுவலகம், கேண்டீன், விடுதி, ஆலை ஏற்பாடு செய்யும் வாகனம், வேலை நிமித்தமாகப் பணியாளர் செல்லும் எந்த இடமும் அடங்கும் என்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கும் இதுதான். வேலையளிப்பவர் தரும் போக்குவரத்தை அது வெளிப்படையாகவே சேர்க்கிறது. ஆனால் பிரிவு 7.4: ‘வளாகத்துக்குள் நடந்த சம்பவங்களைக் குழு விசாரிக்கும்.’

வளாகம் என்றதும் கண்ணில் வருவது மதில் சுவர். இரவு ஷிப்டு முடிந்து பெண்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேன் மதிலுக்கு வெளியே ஓடுகிறது. விடுதி மதிலுக்குள் இருக்கிறது, சரி; நாளைக்கு ஆலை வளர்ந்து, ஊருக்குள் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து விடுதியாக்கினால்?

இடத்தைக் குறிக்கும் சொல்லுக்கு எல்லை எது என்று நீதிமன்றங்கள் வெகுகாலமாக விசாரித்துக்கொண்டிருக்கின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்சாலை என்றால் இன்ன வகை ‘வளாகம்’ என்று சொன்னதே தவிர, வளாகம் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. பம்பாயில் உப்பளம் நடத்திய ஒருவர் உரிமம் இல்லாமல் தொழிற்சாலை நடத்தியதாக வழக்கில் சிக்கினார். உப்பளம் திறந்தவெளி, கட்டடமே இல்லாமல் தொழிற்சாலை எங்கிருந்து வந்தது என்பது அவர் தரப்பு வாதம். 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டடம் மட்டுமல்ல, திறந்த நிலமும் வளாகம்தான் என்றது. வரையறுக்காமல் விட்ட ஒரு சொல்லுக்குப் பொருள் காண நாட்டின் உச்சி மன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்னொரு வழக்கில், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பு, 2008-இல், அதிகாரிகள் தங்கும் விடுதியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட துன்புறுத்தல் பணியிடத்தில் நடந்ததாகுமா என்ற கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. குறுகலாகப் பொருள் கொள்ளக் கூடாது என்றது நீதிமன்றம். அந்த இடம் வேலையிடத்துக்கு எவ்வளவு அருகில், நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னது.

அதற்காகக் கோப்பில் உள்ள எல்லா ‘வளாக’த்தையும் ‘பணியிட’மாக மாற்றலாமா? கூடாது. பிரிவு 11.2, ‘வளாகத்தின் நுழைவாயில்களிலும் நடைபாதைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்படும்’ என்கிறது. இங்கே மதிலுக்குள் இருப்பதைத்தான் உண்மையாகவே சொல்ல வந்திருக்கிறார்கள். பணியிடம் என்று மாற்றினால் விடுதி அறைகளும், பணியாளர் வேலையாகப் போன வாடிக்கையாளர் வீடும்கூடக் கேமராவுக்குள் வந்துவிடும். ஆகவே வளாகம் தனிச் சொல்லாகவே நிற்கட்டும். ஆனால் அதற்கு ஒரு வரையறை வேண்டும், வளாகம் என்பது பணியிடத்தின் ஒரு பகுதி என்றும் அதில் சொல்லிவிட வேண்டும். 7.4-இல் வளாகம் போய்ப் பணியிடம் வரட்டும். 11.2 அப்படியே இருக்கட்டும்.

வரையறைப் பகுதியையே ஒரு முறை தனியாகப் பார்ப்பது நல்லது. ‘வேலையளிப்பவர்’ என்று வரையறுத்துவிட்டு, கோப்பு முழுவதும் ‘நிர்வாகம்’ என்றே எழுதியிருப்பார்கள். வரையறை யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். ‘ஆகும்’ என்று முடித்தால் பட்டியல் அத்தோடு மூடிக்கொள்கிறது, ‘அடங்கும்’ என்று முடித்தால் பட்டியலில் இல்லாததும் வரலாம் என்ற வேறுபாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். அதேபோல், ‘சூழல் வேறுவிதமாகக் கோரினாலன்றி’ என்ற தொடக்கத்தைச் சட்டங்களிலிருந்து பலர் அப்படியே நகல் எடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சூழல்களை முன்கூட்டிக் காண முடியாத நாடாளுமன்றத்துக்கு அது தேவைப்படலாம். பதினான்கு பக்கக் கொள்கைக்கு அது தேவையில்லை. சொல் தடுமாறிய இடத்திலெல்லாம் ‘சூழல் வேறு’ என்று தப்பித்துக்கொள்ளத்தான் அது உதவும்.

பலரும் கோட்டைவிடுவது பின்னிணைப்புகளில். கொள்கையின் உடலைத் திருத்திவிட்டு, படிவத்தையும் சுவரொட்டியையும் பழையபடியே விட்டுவிடுவார்கள். ஆலையின் படிவத்தில் இருந்த டோக்கன் எண் கட்டாயம் 2.3-க்கும் பொருந்தாது, 2.1-க்கும் பொருந்தாது. கேட்டில் உள்ள அறிவிப்பு ‘கம்பெனி ஸ்டாஃப் கவனத்திற்கு’ என்று தொடங்குகிறது. பொறுப்பாளரின் செல்போன் எண் அதற்குக் கீழே இருக்கிறது. உள்ளே உள்ள பதினான்கு பக்கத்தைவிட இந்த ஒரு தாளைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள் என்பதால், சரிபார்ப்பை இங்கிருந்து தொடங்கினாலும் தவறில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கொள்கை இருந்தால் வேலை இன்னும் கூடும். வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இருக்கும் ஆலைகளில் இந்திப் படி அவசியம். மூன்றிலும் வரையறை ஒன்றாக இருக்கிறதா என்பதோடு, முரண் வந்தால் எந்த மொழிப் படி செல்லும் என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் கோப்பு அப்படியே இருப்பதில்லை. கொரோனாவுக்குப் பின் பல கொள்கைகளில் ஒரு பிரிவு புதிதாக ஒட்டப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைப் பற்றியது. எங்கள் ஆலையின் கணக்குப் பிரிவில் இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘ரிமோட் ஸ்டாஃப் வீடியோ அழைப்புகளின்போது அலுவலக ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்று 12.1 சேர்க்கப்படுகிறது. இவர்கள் பணியாளர்களா? அவர்களுடைய வீடு பணியிடமா? 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பையும் பணியிடப் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆலையின் 2.5 அதை விட்டுவிட்டது. ஆக 12.1-இன் சொல்லை மட்டும் திருத்தினால் போதாது, இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 2.5-ஐயும் திருத்த வேண்டும். திருத்தியதும் பணியிடம் என்ற சொல் வரும் எல்லாப் பிரிவுகளையும் மறுபடி ஒரு முறை வாசிக்க வேண்டும். முதல் தடவை எழுதிவைத்த அந்த வரையறைத் தாள் அப்போது கையில் இருந்தால் இது ஒரு மணி நேர வேலை. எந்தப் பிரிவில் எந்தச் சொல் என்று அதில் ஏற்கெனவே குறித்திருக்கிறது, 7.4-இல் தொடங்கிப் படிவத்தின் ‘சம்பவம் நடந்த இடம்’ என்ற வரி வரை பார்த்துக்கொண்டே வரலாம்.